எந்தக் கிழமை, எந்த மணி? 500 பேஸ்புக் பதிவுகளில் இருந்து ஒரு ஹீட்மேப்

சமூக ஊடகப் பக்கம் நடத்துகிற எவரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி: எந்தக் கிழமை, எந்த மணிக்குப் பதிவிட்டால் நல்லது? பக்கத்தின் புள்ளிவிவரத்தை இறக்கி, பிவட் டேபிளில் கிழமையை வரிசையாகவும் மணியைப் பத்தியாகவும் வைத்து, கட்டங்களுக்கு வண்ணம் ஏற்றினால் பத்து நிமிடத்தில் ஒரு ஹீட்மேப் கிடைத்துவிடும். அடர்ந்த கட்டம்தான் நல்ல நேரம் என்று எடுத்துக்கொண்டு பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த முதல் படம் வாசகரின் விருப்பத்தைவிட, பதிவிட்டவரின் பழக்கத்தைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது என்பது என் எண்ணம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதை, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கக்கூடிய ஒரு கோப்பை வைத்தே காட்டுகிறேன்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் பராமரிக்கும் யூ.சி.ஐ. தரவுக் களஞ்சியத்தில் `Facebook Metrics` என்ற பெயரில் அந்தக் கோப்பு இருக்கிறது. பெயர் வெளியிடப்படாத ஓர் அழகுசாதன நிறுவனத்தின் பேஸ்புக் பக்கத்தில் 2014இல் வந்த பதிவுகள் அவை. செர்ஜியோ மோரோ, பாவ்லோ ரீட்டா, பெர்னார்டோ வாலா ஆகிய மூன்று போர்ச்சுகீசிய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரைக்காகத் திரட்டியவற்றில் இருந்து 500 வரிகளைப் பொதுவில் வைத்தார்கள். ஒரு வரி, ஒரு பதிவு. பதிவின் வகை, மாதம், கிழமை, மணி, பணம் கட்டி விளம்பரப்படுத்தியதா, எத்தனை பேரைச் சென்றடைந்தது, எத்தனை லைக், ஷேர், கமெண்ட் என 19 பத்திகள்.

கூகுள் ஷீட்ஸில் இதைத் திறப்போம். எக்செல்லை விட்டுவிட்டு ஷீட்ஸுக்குப் போவதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் வரும். `File → Import` வழியாக ஏற்றும்போது, இந்தக் கோப்பில் பத்திகளைப் பிரிப்பது காற்புள்ளி அல்ல, அரைப்புள்ளி. `Separator type` என்ற இடத்தில் `Custom` தேர்ந்து `;` கொடுக்காவிட்டால் எல்லாம் ஒரே பத்தியில் வந்து குவியக்கூடும். சரியாக ஏறினால் E பத்தியில் `Post Weekday`, F பத்தியில் `Post Hour`, H பத்தியில் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற ரீச், S பத்தியில் `Total Interactions` இருக்கும்.

பிவட் டேபிளைத் தொடும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். `Post Weekday` பத்தியில் 1 முதல் 7 வரை எண்கள் இருக்கின்றன. 1 என்பது ஞாயிறா, திங்களா? `Post Hour` பத்தியில் இருப்பது எந்த ஊர் மணி?

முதல் கேள்விக்கான விடை கோப்புக்குள்ளேயே இருக்கிறது. வரிகள் டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிகின்றன, அதாவது புதியது மேலே, பழையது கீழே. மேல்வரியின் கிழமை 4, அடிவரியின் கிழமையும் 4. ஆண்டின் இறுதி நாளான 2014 டிசம்பர் 31 ஒரு புதன்கிழமை. முதல் நாளான ஜனவரி 1ஆம் தேதியும் புதன்தான். 1 ஞாயிறாக இருந்தால் 4 புதன். இரு முனையும் பொருந்துவதால் ஞாயிறு = 1 என்று எடுத்துக்கொள்ளலாம். எக்செல்லிலும் ஷீட்ஸிலும் `WEEKDAY` சார்பு தானாகத் தரும் எண்ணும் இதே முறைதான். இதைக் கவனிக்காமல் 1 என்றால் திங்கள் என்று வைத்துக்கொண்டால் படம் முழுவதும் ஒரு நாள் தள்ளிப்போகும். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவையானது. மேலே உள்ள ஐந்து வரிகளின் மணியைப் பாருங்கள்: 3, 10, 3, 10, 3. மொத்தக் கோப்பிலும் மணியின் மிகச் சிறிய மதிப்பு 1. கால்வாசிப் பதிவுகள் 3 மணியிலோ அதற்கு முன்போ வந்திருக்கின்றன. அழகுசாதனப் பக்கம் ஒன்று நாள் தவறாமல் அதிகாலை 3 மணிக்குப் பதிவிடுமா? பேஸ்புக்கின் ஏற்றுமதிக் கோப்புகளில் பதிவு நேரம் அமெரிக்கப் பசிபிக் நேரமாக வருவதுண்டு. ஆய்வாளர்கள் லிஸ்பனில் இருந்தவர்கள். பசிபிக் நேரத்தோடு 8 மணி கூட்டினால் லிஸ்பன் நேரம் வரும். 3 மணி காலை 11 ஆகிறது, 10 மணி மாலை 6 ஆகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் காலையில் ஒன்று, மாலை கிளம்பும் முன் ஒன்று என்று போடுகிற பழக்கம் அப்படியே தெரிகிறது. இது வரிகளின் போக்கில் இருந்து நான் செய்யும் ஊகம்தான், கோப்பு இதைச் சொல்லவில்லை. ஆனாலும் பொருந்தி வருகிற ஊகம். இனி வரும் கணக்கு இதன் மேல்தான் நிற்கிறது.

எட்டு மணி கூட்டும்போது மணி மட்டும் மாறுவதில்லை, கிழமையும் மாறலாம். பசிபிக் நேரத்தில் மாலை 4க்குப் பிறகு வந்தது லிஸ்பனில் மறுநாள். ஆகவே வலது பக்கம் நான்கு புதிய பத்திகள் சேர்த்து, தலைப்பாக முறையே hour, day, slot, rate என்று கொடுத்துவிட்டு, இரண்டாம் வரியில் இவற்றை எழுதிக் கீழே இழுத்துவிடுவோம்.

```
T2: =MOD(F2+8,24)
U2: =MOD(E2-1+INT((F2+8)/24),7)+1
V2: =INT(T2/3)*3
W2: =S2/H2
```

T என்பது ஊர் மணி. U என்பது ஊர்க் கிழமை. கிழமையைப் பெயராக மாற்ற ஆசை வரும், ஆனால் பிவட் டேபிள் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி ஞாயிறு, சனி, திங்கள் எல்லாவற்றையும் கலைத்துவிடும். எண்ணாகவே விடுவது நல்லது. பெயர் வேண்டுமென்றால் "1 ஞாயிறு", "2 திங்கள்" என்று எண்ணை முன்னால் வைக்கலாம்.

V பத்தி மணிகளை மும்மூன்றாகத் தொகுக்கிறது. 9, 10, 11 எல்லாம் 9 ஆகும், 18, 19, 20 எல்லாம் 18 ஆகும். இது ஏன் என்றால், 7 கிழமையும் 24 மணியும் சேர்ந்தால் 168 கட்டங்கள். 500 பதிவுகளை அதில் பரப்பினால் சராசரியாக ஒரு கட்டத்துக்கு மூன்று பதிவுதான் கிடைக்கும். மூன்று பதிவை வைத்து வியாழன் மதியம் 2 மணி சிறந்தது என்று சொல்ல முடியாது. மூன்று மணித் தொகுப்பில் கட்டங்கள் 56 ஆகக் குறைகின்றன, சராசரி ஒன்பதை ஒட்டி வருகிறது. அதுவும் பெரிய எண்ணிக்கை இல்லை, ஆனாலும் பேசத் தொடங்கலாம்.

W பத்திதான் இந்த ஆய்வின் மையம். லைக், ஷேர், கமெண்ட் மூன்றும் சேர்ந்த மொத்த ஈடுபாட்டை அப்படியே சராசரி எடுக்காமல், ரீச்சால் வகுக்கிறோம். இதன் விளைவை முதல் ஐந்து வரிகளிலேயே பார்த்துவிடலாம்.

காலை 11 மணிப் பதிவுகள் மூன்று. அவற்றின் ஈடுபாடு 100, 80, 393. ரீச் முறையே 2752, 2413, 7244. மாலை 6 மணிப் பதிவுகள் இரண்டு. ஈடுபாடு 164, 1777. ரீச் 10460, 50128.

ஈடுபாட்டை மட்டும் சராசரி எடுத்தால் காலைக்கு 191, மாலைக்கு 970.5. மாலை ஐந்து மடங்கு மேல் என்று படம் சொல்லும். இப்போது ரீச்சால் வகுத்துப் பாருங்கள். காலைப் பதிவுகள் 3.6, 3.3, 5.4 சதவீதம். மாலைப் பதிவுகள் 1.6, 3.5 சதவீதம். சராசரியில் காலை 4.1, மாலை 2.6. ஐந்தே வரிகள், தீர்ப்பு தலைகீழாகிவிட்டது.

அந்த 1777 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அந்த வரியின் `Paid` பத்தியில் 1 இருக்கிறது. காசு கட்டி 50,128 பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்த பதிவு அது. அது மாலை 6 மணிக்கு வெளியானது என்பதால் மாலையின் புகழ் ஏறியது. இந்தக் கோப்பில் விளம்பரப் பதிவுகள் 139, கால்வாசிக்கும் மேல். மணியைப் பற்றிய கேள்விக்கு இவை விடை சொல்லாது, ஆகவே பிவட் டேபிளில் `Paid` = 0 மட்டும் என வடிகட்டுகிறேன். அடிவரியில் இந்தப் பத்தி காலியாக இருக்கிறது, வடிகட்டும்போது அதுவும் போய்விடும்.

இன்னொரு வடிகட்டியும் தேவை. 500 பதிவுகளில் 426 படங்கள், 45 எழுத்துப் பதிவுகள், 22 இணைப்புகள், வெறும் 7 வீடியோ. அந்த ஆய்வாளர்களின் மாதிரியிலேயே, பதிவை எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதை அதிகம் தீர்மானித்தது பதிவின் வகைதான். மேலே உள்ள ஐந்தில் 1.6 சதவீதம் மட்டும் பெற்றது ஓர் எழுத்துப் பதிவு, மற்ற நான்கும் படங்கள். எழுத்துப் பதிவுகளை மாலையிலும் படங்களைக் காலையிலும் போடும் வழக்கம் இருந்தால், வகையின் வேறுபாடு மணியின் வேறுபாடாக வேஷம் போடும். `Type` = `Photo` மட்டும் வைத்துக்கொள்வோம். கவனியுங்கள், இந்த இரு வடிகட்டியையும் போட்டபின் ஐந்து வரிகளில் மாலைப் பதிவு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒப்பிட்ட இரண்டு பதிவுகளுமே மணியைப் பற்றி எதுவும் சொல்லத் தகுதியற்றவை.

சரி, இப்போது பிவட் டேபிள். `Insert → Pivot table`. `Rows` பகுதியில் U, `Columns` பகுதியில் V, `Filters` பகுதியில் `Paid`, `Type`. `Show totals` இரண்டையும் அணைத்துவிடுங்கள், கூட்டுத்தொகை வரிசை வண்ணத்துக்குள் புகுந்தால் எல்லாம் வெளிறிப்போகும். `Values` பகுதியில் என்ன வைப்பது?

முதலில் ஈடுபாட்டு விகிதத்தை வைக்காதீர்கள். எண்ணிக்கையை வையுங்கள், W பத்தியை `COUNT` என்று. இந்தப் படத்தை count என்ற தாளில் தனியாக வைத்துக்கொள்வோம். இதுதான் பழக்கத்தின் படம். வடிகட்டும் முன்னான முழுக்கோப்பில் 9 முதல் 11 வரையிலான பத்தியில் மட்டும் குறைந்தது 125 பதிவுகள் இருக்கும், ஏனென்றால் பசிபிக் 1, 2, 3 மணிகள் அத்தனையும் அங்கேதான் வந்து விழுகின்றன. மாலை 5 முதல் 7 வரையிலும் இன்னொரு கால்வாசி. லிஸ்பன் நள்ளிரவு 12 முதல் காலை 8 வரையிலான எட்டு மணி நேரம் கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடக்கும். வடிகட்டியபின் எண்ணிக்கை இன்னும் குறையும், ஆனால் உருவம் இதுதான்.

இந்தப் பக்கத்தின் வாசகர்கள் நள்ளிரவுக்குப் பிறகு எப்படி நடந்துகொள்வார்கள் என்று இந்தக் கோப்பால் சொல்ல முடியாது. அப்போது பதிவிட்டுப் பார்த்ததே மிக அரிது. ஹீட்மேப்பில் காலியான கட்டமும் வெளிறிய கட்டமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதுதான் சிக்கல். இரவு சரியில்லை என்று ஒரு கூட்டத்தில் யாராவது சொல்லிவிட்டால், அதன்பின் இரவில் பதிவிடவே மாட்டார்கள், அடுத்த ஆண்டுக் கோப்பிலும் இரவு காலியாகவே இருக்கும்.

இப்போது அதே அமைப்பில் median என்ற தாளில் இரண்டாவது பிவட் டேபிள். இங்கே `Values` பகுதியில் W, `Summarize by` என்பதில் `MEDIAN`. எக்செல்லின் சாதாரணப் பிவட் டேபிளில் நடுவெண் கிடையாது, அதற்கு `Data Model` வழியாகச் சுற்றிப்போக வேண்டும். ஷீட்ஸில் பட்டியலிலேயே இருக்கிறது, அதனால்தான் இங்கே வந்தோம்.

சராசரி ஏன் வேண்டாம்? இந்தக் கோப்பில் ஒரே ஒரு பதிவு 5172 லைக், 790 ஷேர், 372 கமெண்ட் என மொத்தம் 6334 ஈடுபாடு பெற்றிருக்கிறது. 500 பதிவுகளின் ஈடுபாட்டுச் சராசரி 212, நடுவெண் 123.5. சராசரி நடுவெண்ணைவிட இவ்வளவு மேலே நிற்பதே, சில பெரும் பதிவுகள் எல்லாவற்றையும் இழுக்கின்றன என்பதற்கு அடையாளம். அந்த ஒற்றைப் பதிவு ஆண்டு முழுவதின் ஈடுபாட்டில் ஏறக்குறைய 6 சதவீதம். பக்கத்தில் இரண்டு சாதாரணப் பதிவுகள் இருக்கும் கட்டத்தில் அது விழுந்தால், சராசரி 2,000ஐத் தாண்டும், நடுவெண் 120களிலேயே நிற்கும். ரீச்சால் வகுத்தபின் இந்த வீக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது உண்மைதான், ஆனால் முழுவதும் அடங்காது. பலரும் பகிர்ந்த பதிவுக்கு விகிதமும் ஏறியிருக்கும்.

மூன்றாவது தாள் இரண்டையும் இணைக்கிறது. பிவட் டேபிளின் எண்கள் B3 கட்டத்தில் தொடங்கும், ஆகவே இங்கும் B3இல் எழுதி வலப்பக்கமும் கீழேயும் இழுக்கலாம்.

```
=IF(N(count!B3)>=8, median!B3, "")
```

எட்டுக்குக் குறைவான பதிவுகள் உள்ள கட்டம் காலியாகிவிடும். எட்டு என்பது விதி அல்ல, நான் வைத்துக்கொள்ளும் கோடு. மூன்று நான்கு பதிவுகளின் நடுவெண் ஒரு பதிவு கூடினாலே துள்ளும், எட்டில் அது கொஞ்சம் அமைதியாகும். ஐந்துக்குக் கீழே போக எனக்கு மனம் வராது. இரு பிவட் டேபிளிலும் ஒரே வடிகட்டிகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒன்றில் மாற்றி மற்றதில் மறந்தால், கட்டங்கள் இடம் மாறித் தவறான எண்ணிக்கை தவறான நடுவெண்ணோடு சேரும், பிழை என்று எந்தச் செய்தியும் வராது.

வண்ணம் ஏற்ற `Format → Conditional formatting → Color scale`. கீழ்முனை, மேல்முனை இரண்டுக்கும் `Percentile` தேர்ந்து 10, 90 என்று கொடுங்கள். `Min value`, `Max value` என்று விட்டால் ஒரே ஒரு பெரிய கட்டம் அடர்நிறத்தை எடுத்துக்கொண்டு மற்றதெல்லாம் ஒரே வெளிறலாகும். பச்சை, சிவப்பு வேண்டாம், ஒரே நிறத்தின் இளையதும் அடர்ந்ததும் போதும். சிவப்பைப் பார்த்தாலே கெட்ட நேரம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது, இங்கே 3 சதவீதத்துக்கும் 4 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிடைக்கும் படத்தில் நிறம் உள்ள கட்டங்கள் பெரும்பாலும் காலைப் பத்தியிலும் மாலையை ஒட்டியும் மட்டுமே நிற்கும். அதில் அடர்ந்த கட்டம் ஒன்று இருந்தால் உடனே நம்பாமல், ஆண்டை இரண்டாக வெட்டிப் பார்க்கலாம். `Post Month` பத்தியில் 1 முதல் 6 வரை ஒரு படம், 7 முதல் 12 வரை ஒரு படம். பதிவுகள் பாதியாவதால் எட்டு என்ற கோட்டை இங்கே தளர்த்தித்தான் ஆகவேண்டும், கிழமைகளைச் சேர்த்துக் காலை, மாலை என்று மட்டும் பார்த்தாலும் போதும். ஒரு பாதியில் மட்டும் அடர்ந்து மறு பாதியில் வெளிறினால் அது தற்செயல். இந்தப் பக்கத்துக்கு இந்த வெட்டு கட்டாயம் தேவை, ஏனென்றால் ஆண்டின் தொடக்கத்தில் 81,370 ஆக இருந்த பக்கத்தின் லைக் ஆண்டு இறுதியில் 1,39,441. ஜனவரியின் பக்கமும் டிசம்பரின் பக்கமும் ஒன்றல்ல.

கோடை நேர மாற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் அமெரிக்கா மார்ச் 9 அன்றும் ஐரோப்பா மார்ச் 30 அன்றும் கடிகாரத்தை மாற்றின. இடைப்பட்ட மூன்று வாரமும், அக்டோபர் கடைசி வாரமும் வேறுபாடு 8 அல்ல, 7. கோப்பில் தேதி இல்லை, மாதம் மட்டும்தான், ஆகவே திருத்த வழியில்லை. அந்த வாரங்களில் காலை 11 மணிப் பதிவு நம் கணக்கில் 12 ஆகி அடுத்த பத்திக்குப் போய்விடும். 3, 10 ஆகிய மாதங்களை நீக்கி ஒரு முறை பார்த்து, படம் மாறாவிட்டால் விட்டுவிடலாம்.

உங்கள் பக்கத்தின் கோப்பில் இதைச் செய்யும்போது கிழமையும் மணியும் பிரிந்து வராது. மெட்டாவின் `Business Suite` தரும் கோப்பில் `Publish time` என்று ஒரே பத்தி, மாதம்/நாள்/ஆண்டு என்ற அமெரிக்க வரிசையில். இந்திய அமைப்பில் உள்ள ஷீட்ஸிலோ எக்செல்லிலோ திறந்தால், 03/04 என்பது மார்ச் 4 என்பதற்குப் பதிலாக ஏப்ரல் 3 ஆகிவிடும். 03/25 என்பதைப் புரிந்துகொள்ள முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, பத்தியில் சில மதிப்புகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பவை எழுத்து. அதைவிட மோசம் வலப்பக்கம் நிற்பவை, அவை தவறான தேதிகள், அவற்றின் கிழமையும் தவறு. ஷீட்ஸில் ஏற்றும் முன்பே `File → Settings` போய் `Locale` என்பதை `United States` ஆக்கிவிட்டால் போதும். எக்செல் என்றால் `Text to Columns` கடைசிப் படியில் `Date: MDY`.

அப்புறம் நேர மண்டலம். நீங்கள் எப்போது போட்டீர்கள் என்று உறுதியாக நினைவிருக்கும் ஒரு பதிவை, உதாரணமாகப் பொங்கல் அன்று காலை 7 மணிக்குப் போட்ட வாழ்த்தை, கோப்பில் தேடுங்கள். முந்தைய நாள் 17:30 என்று இருந்தால் அது பசிபிக் நேரம், இந்தியாவுக்கு 13 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். அமெரிக்கக் கோடை நேரம் ஓடும் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி 30 நிமிடம். இங்கே முழுத் தேதி இருப்பதால் இரண்டையும் துல்லியமாகவே செய்யலாம். அரை மணி வேறுபாட்டை மறந்து 12 அல்லது 13 என்று முழுதாகக் கூட்டுகிறவர்கள் உண்டு. மணியின் எல்லையில் விழும் பதிவுகள் எல்லாம் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடும்.

படம் தயாரானபின் அதை வைத்து என்ன முடிவு எடுக்கலாம்? இந்த அழகுசாதனப் பக்கத்தைப் பொறுத்தவரை, போதுமான பதிவுகள் உள்ள காலை, மாலைக் கட்டங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். அதிலும் விகிதம் என்பது சென்றடைந்தவர்களில் எத்தனை பேர் அசைந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. நேரம் ரீச்சையும் மாற்றக்கூடும், ரீச் குறைந்த பதிவுக்கு விகிதம் தானே ஏறுவதும் உண்டு. அதனால் அதே அமைப்பில் H பத்தியின் நடுவெண்ணைக் காட்டும் ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும். இரண்டிலும் முன்னே நிற்கும் கட்டம் ஒன்றையும், இதுவரை பதிவுகள் மிக அரிதாக வந்த இரவுக் கட்டம் ஒன்றையும் தேர்ந்துகொண்டு, அடுத்த சில வாரங்களுக்கு ஒரே வகைப் படங்களைக் காசு கட்டாமல் இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு வரலாம். எந்தப் படம் எந்த நேரத்துக்கு என்பதை முன்கூட்டியே குலுக்கிப் போட்டு முடிவு செய்துவிடுங்கள், நல்ல படத்தைப் பிடித்த நேரத்துக்கு ஒதுக்கும் கை தன்னால் அடங்கும். ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்துப் பதிவுகள் சேர்ந்ததும், பதிவுகளுக்குக் குறைந்தது ஒரு வாரமாவது ஈடுபாடு சேர விட்டு, கோப்பை மறுபடி இறக்குங்கள். நேற்றுப் போட்டதற்கும் போன மாதம் போட்டதற்கும் ஒரே அளவுகோல் வைத்தால், புதிய பதிவு எப்போதும் தோற்கும்.